காணாமல் போன நாய்க்கு நோட்டீஸ்: போன் நம்பரை எப்படிப் போடுவது?

அண்ணா, எங்கள் நாய் ஜிம்மியைத் தாம்பரத்தில் காணோம். ஏ4 நோட்டீஸில் படம், பெயர், வயது, குணம் எல்லாம் போட்டேன். நம்பருக்குக் கடைசி வரிதான் மிச்சம்.

குணத்தை எடுத்துவிடுங்கள். பைக்கில் போகிறவர் பார்ப்பது ‘நாய் காணவில்லை’, படம், நம்பர், இந்த மூன்றும்தான். பத்து இலக்கத்தையும் ஒரே வரியில் நெருக்கினால், நிமிர்ந்த ஏ4 தாளில் எழுத்து 3 சென்டிமீட்டர் உயரத்தைத் தாண்டாது. ஐந்து ஐந்தாகப் பிரித்து இரண்டு வரியாகப் போட்டால் 6 வரை போகலாம்:

01234
56789

நாம் நம்பர் சொல்வதும் பெரும்பாலும் இப்படித்தான், முதல் ஐந்தைச் சொல்லி நிறுத்துவோம். படிப்பவர் பாதியை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் பார்க்க முடியும். வெள்ளையில் கறுப்பு போதும். சிவப்பு மை வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும்.

அடியில் கிழித்துக்கொள்ளும் துண்டு வைக்கலாமா? எத்தனை?

டீக்கடை, பால் பூத், மருந்துக்கடை என ஆள் நிற்கும் இடத்தில் வையுங்கள். ஏ4 அகலம் 21 சென்டிமீட்டர், அதனால் துண்டு ஒன்றுக்கு 2 சென்டிமீட்டர் வைத்தால் பத்துத் துண்டு வரும். நம்பரைப் பக்கவாட்டில் திருப்பி எழுதி, கூடவே ‘பிரவுன் நாய், தாம்பரம்’ என்றும் போடுங்கள். வெறும் நம்பர் மட்டும் இருந்தால், மறுநாள் சட்டைப் பையில் பார்ப்பவருக்கு அது எதற்கென்றே தெரியாது. ஓரத்துத் துண்டு ஒன்றை நீங்களே கிழித்துவிடுங்கள். முதல் ஆளாகக் கிழிக்கப் பலருக்கும் தயக்கம் இருக்கும்.

மழைக்கு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டினேன் சார். துண்டை யாரும் எடுக்கவே இல்லை.

கவருக்குள் இருந்தால் எப்படி எடுப்பார்கள்! மழைக்காலத்தில் துண்டை விட்டுவிட்டு நம்பரைப் பெரிதாக்குங்கள். கவரின் வாய் கீழ்ப்பக்கம் இருக்கட்டும், இல்லையென்றால் தண்ணீர் உள்ளே இறங்கும். இங்க்ஜெட் பிரிண்ட் நனைந்தால் கரையும், ஜெராக்ஸ் தாங்கும்.

இந்தக் காலத்தில் நம்பர் எதற்கு? கியூஆர் கோடு போட்டால் ஸ்கேன் செய்துவிடுவார்களே.

பாதி சரி. நின்று பார்ப்பவருக்கு உதவும். ஆனால் நாயை முதலில் பார்ப்பவர் தூய்மைப் பணியாளராகவோ, பட்டன் போன் வைத்திருக்கும் வாட்ச்மேனாகவோ இருக்கலாம். நம்பருக்கு இடம் போக மிச்சம் இருந்தால் கியூஆர் கோடும் போடுங்கள்.

எனக்கு ஒரு பூனை கிடைத்திருக்கிறது. அதற்கும் இதேதானா?

நம்பருக்கு இதேதான். ஆனால் பூனையின் அடையாளம் ஒன்றை நோட்டீஸில் போடாதீர்கள். கேட்டு வருபவர் அதைச் சொல்லட்டும். ஜிம்மி வீட்டாரும் அப்படி ஒன்றை மறைத்து வையுங்கள். ‘நாய் என்னிடம் இருக்கிறது, முதலில் பணம் அனுப்பு’ என்றோ ஓடிபி கேட்டோ போன் வந்தால் அந்த அடையாளத்தைக் கேளுங்கள்.

சன்மானத் தொகையை எழுதலாமா அண்ணா?

எழுதினால் போன் கூடும், பொய்ப் போனும் கூடும். நான் தொகை இல்லாமல் ‘சன்மானம் உண்டு’ என்று மட்டும் எழுதச் சொல்வேன். அதுவும் வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள்.