சபராளி வீட்டுப் பெண்களுக்கு என்ன பயான் சொல்வது?

"எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் வளைகுடாவில்தான். அவர்களுடைய மனைவி, பிள்ளைகளுக்குப் பயான் சொல்ல மதரஸாவில் கூப்பிட்டிருக்கிறார்கள். என்ன பேசலாம்?"

முதல் தடவை நான் அரை மணி நேரம் பொறுமையைப் பற்றியே பேசினேன். முடிந்ததும் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது: "சபுரு செஞ்சு செஞ்சுதான் ஹஜ்ரத் எனக்கு பிரஷரே வந்துச்சு." அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

இப்போது ஹாஜரா அம்மையாரில் தொடங்குகிறேன். புகாரியில் விரிவாக வரும் செய்தி அது. தண்ணீரே இல்லாத பள்ளத்தாக்கில் ஒரு பை பேரீச்சம்பழமும் ஒரு தோல்பை தண்ணீரும் வைத்துவிட்டு இப்ராஹீம் (அலை) கிளம்புகிறார்கள். அம்மையார் பின்னாலேயே போய், "எங்களை விட்டுவிட்டு எங்கே போகிறீர்கள்?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. "இது அல்லாஹ்வின் கட்டளையா?" என்று கேட்டு, ஆமாம் என்று பதில் வந்த பிறகுதான், "அப்படியானால் அவன் எங்களைக் கைவிடமாட்டான்" என்று திரும்புகிறார்கள். இங்கே கொஞ்சம் நிறுத்துங்கள். கேள்வி கேட்டது ஈமானுக்குக் குறைவாகவில்லை. பிள்ளைக்குத் தாகம் எடுத்தபோதும் அவர்கள் கையைக் கட்டி உட்காரவில்லை, ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் ஏழு தடவை ஓடினார்கள். ரேஷன் கடை, பேங்க், ஆஸ்பத்திரி என்று தனியாக ஓடுகிற பெண்ணுக்கு அது தன் கதை என்று தெரியும். நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கு இதே கதையின் இன்னொரு இடம். கண்ணுக்கு மறையும் மலைத்திருப்பத்துக்குப் போன பிறகு இப்ராஹீம் (அலை) திரும்பி நின்று, கையேந்தி அவர்களுக்காக துஆ கேட்டார்கள். அந்த துஆ குர்ஆனில் 14:37இல் இருக்கிறது. இதைச் சொன்ன அன்று ஒரு பையன் எழுந்து, "எங்க வாப்பாவும் ஏர்போர்ட்டுல திரும்பிப் பாக்கல" என்றான். உள்ளே போய்ப் பார்த்திருப்பார் என்றேன். எனக்கே தொண்டை அடைத்துவிட்டது. என் வாப்பாவும் சபராளிதான்.

உம்மாமார்களிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். "இரு, வாப்பா கிட்ட சொல்றேன்" என்று வீடியோ காலில் பிள்ளையின் குற்றப்பட்டியலை வாசிக்க வேண்டாம். அப்புறம் போன் மணி அடித்தாலே அவன் மாடிக்கு ஓடிவிடுவான். முதல் ஐந்து நிமிடம் அவனுக்கே இருக்கட்டும், புகாரெல்லாம் அவன் தூங்கின பிறகு.

உமர் (ரலி) செய்தியை மட்டும் இந்தக் கூட்டத்துக்குக் கொண்டுவராதீர்கள். இரவு ரோந்தில், போருக்குப் போன கணவனை நினைத்து ஒரு பெண் பாடுவதைக் கேட்டு, ஒரு பெண் எவ்வளவு காலம் தாங்குவாள் என்று மகள் ஹஃப்ஸாவிடம் விசாரித்து, அதற்குமேல் படைவீரர்களை ஊரைப் பிரித்து வைக்கக் கூடாது என்று உத்தரவிட்டார்கள். நான்கு மாதம், ஆறு மாதம் என்று அறிவிப்புகள் வேறுபடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவு கிடைக்கிற வீட்டுப் பெண்ணிடம் இதைச் சொன்னால் அவள் என்ன செய்ய முடியும்? லீவில் வந்தவர்கள் முன் ஸஃப்பில் அத்தர் மணக்க உட்கார்ந்திருக்கும் ஜும்ஆவில் சொல்லுங்கள்.