ஆடியோகிராம் கேள்வி பதில்: அலை ஆடினால் மட்டும் போதுமா?

பேட்டி பாட்காஸ்டுகளுக்கு ஆடியோகிராம் செய்து கொடுப்பதுதான் சில வருடங்களாக என் வேலை. அதாவது, பேட்டியின் ஒரு துண்டுக் குரலை எடுத்து, அதோடு ஆடும் ஒலி அலையும் பேசுவதன் எழுத்தும் சேர்த்து ஒரு குட்டி வீடியோவாக்குவது. வந்த கேள்விகளில் கொஞ்சத்துக்குப் பதில் இதோ.

கேள்வி: அக்கா, ஒரு ரிட்டயர்டான லாரி டிரைவரை 52 நிமிஷம் பேட்டி எடுத்தேன். மனுஷன் பேசினதெல்லாம் தங்கம். எந்த 40 விநாடியை வெட்டுறதுன்னே தெரியல.

நீங்கள் அனுப்பிய துண்டைக் கேட்டேன். இப்படி ஆரம்பிக்கிறது: "அந்தக் காலத்துல ஓசூர்ல லோடு ஏத்திக்கிட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல தொப்பூர் கணவாய் இறங்கும்போது, கிளீனர் பையன் தூங்கிட்டா அடிச்சு எழுப்பிடுவேன்." தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும், அதனால் விஷயமும் கடைசியில்தான் வரும். எப்போது, எங்கிருந்து, எங்கே என்று எட்டு விநாடி ஓடிய பிறகுதான் 'அடிச்சு எழுப்பிடுவேன்' வருகிறது, அதற்குள் விரல் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிட்டுப் போயிருக்கும். ஆனால் அடுத்த வாக்கியம் என்ன சொல்கிறார் பாருங்கள்: "தூங்குறவன் பக்கத்துல இருந்தா நமக்கும் தூக்கம் வந்துரும்." கிளிப் இங்கே தொடங்கட்டும். கணவாய், கிளீனர் எல்லாம் பின்னால் வந்தாலும் கெட்டுப்போகாது.

நான் செய்வது இதுதான்: முழுப் பேட்டியையும் எழுத்தாக்கி, முதல் மூன்று விநாடிக்குள் சொல்லி முடிக்கக்கூடிய குட்டி வாக்கியங்களை மட்டும் தேடுவேன். ஒன்று கிடைத்தால் அதிலிருந்து முன்னோக்கி 30, 40 விநாடி. வாக்கியங்களை முன்பின்னாக மாற்றி ஒட்டினால் பேசியவருக்கு ஒரு தடவை போட்டுக் காட்டிவிடுங்கள். 'ஆனா' என்று அவர் இழுத்த இடத்தில் வெட்டினால் அர்த்தமே திரும்பிவிடும்.

கேள்வி: அலை நல்லா பெருசா, கலர்கலரா துள்ளினா மக்கள் நின்னு பார்ப்பாங்கதானே? அதுக்குத்தானே இதைக் கண்டுபிடிச்சாங்க?

பாதி சரி. நியூயார்க் வானொலி நிலையமான WNYC 2016-இல் தன்னுடைய ஆடியோகிராம் கருவியை எல்லோருக்கும் திறந்து விட்டபோது தேவை எளிமையானது: சமூக ஊடகங்கள் படத்தையும் வீடியோவையும் ஏற்றுக்கொண்டன, வெறும் ஒலியை ஏற்கவில்லை. அலை செய்யும் வேலை 'இதில் குரல் இருக்கிறது, சத்தத்தைத் திற' என்று சொல்வது. அது ஒரு விநாடி வேலை. அதற்கப்புறம் ஆளை நிறுத்தி வைப்பது எழுத்துதான், ஏனென்றால் பஸ்ஸிலும் ஆபீசிலும் நிறையப் பேர் சத்தமில்லாமல் பார்க்கிறார்கள். அலைக்குத் திரையில் ஆறில் ஒரு பங்கு உயரம் போதும், ஒரே நிறம் போதும்.

கேள்வி: எனக்கு அலை துள்ளவே மாட்டேங்குது, கோடு மாதிரி கிடக்குது. தமிழ் எழுத்தும் உடையுது, கொம்பு தனியா நிக்குது. ffmpeg-லதான் செய்யுறேன்.

ffmpeg என்பது கட்டளை எழுதி ஒலியையும் வீடியோவையும் மாற்றும் மென்பொருள். நீங்கள் சொன்ன இரண்டும் வேறு வேறு கோளாறு. கோடாகக் கிடந்தால் பதிவின் சத்தம் குறைவு. பெரும்பாலும் விருந்தினர் மைக்கிலிருந்து தள்ளி உட்கார்ந்திருப்பார். முதலில் சத்தத்தைச் சமப்படுத்துங்கள், அப்புறம் அலையை வரையும்போது `scale=sqrt` கொடுத்தால் மெல்லிய பேச்சும் கண்ணுக்குத் தெரியும்.

```
ffmpeg -i clip.wav -af loudnorm=I=-14:TP=-1 -ar 48000 -ac 1 c2.wav

ffmpeg -loop 1 -i bg.png -i c2.wav -filter_complex "[1:a]showwaves=s=1080x200:mode=cline:scale=sqrt:colors=white[w];[0:v][w]overlay=0:800,subtitles=c.srt:force_style='FontName=Noto Sans Tamil'[v]" -map "[v]" -map 1:a -pix_fmt yuv420p -c:a aac -shortest out.mp4
```

கொம்பு பிரிந்து நிற்பது எழுத்துக் கோர்ப்பு நடக்காததால். பழைய ffmpeg-இல் `drawtext` கொண்டு தமிழ் எழுதினால் இப்படித்தான் ஆகும். மேலே உள்ளதுபோல் `subtitles` வழியாகப் போங்கள், அது எழுத்தைச் சரியாகக் கோர்க்கும். வெளியிடும் முன் 'கொ', 'வை', 'பே' வரும் இடங்களை நிறுத்திப் பாருங்கள், உடைந்திருந்தால் அங்கேதான் தெரியும்.

இன்னொன்று: அவர் 'ஏத்திக்கிட்டு' என்று பேசினால் எழுத்திலும் 'ஏத்திக்கிட்டு' என்றே இருக்கட்டும். 'ஏற்றிக்கொண்டு' என்று திருத்தினால் காது ஒன்று கேட்கும், கண் வேறொன்று படிக்கும். நம் சொற்கள் நீளம் வேறு, ஒரு வரிக்கு மூன்று சொல்லுக்கு மேல் வைக்காதீர்கள். ரீல்ஸ் என்றால் திரையின் அடிப்பகுதியில் எழுத்தே வேண்டாம், பெயரும் குறிப்பும் வந்து மூடிவிடும்.

கேள்வி: மேடம், அப்பாவுக்கு ஆடியோகிராம் எடுக்கச் சொல்லியிருக்காங்க. எங்கே எடுக்கலாம், வலிக்குமா?

ஐயா, அது காது கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியோகிராம், இங்கே பேசுவது வேறு. வலிக்காது, ஹெட்போன் மாட்டிச் சத்தம் கேட்கும்போது சொல்லச் சொல்வார்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேளுங்கள், எங்கே எடுப்பது என்று அவரே சொல்லுவார்.

கேள்வி: முதல் கிளிப் 4,100 பார்வை, ரெண்டாவது வெறும் 900. இனிமே எல்லாத்தையும் முதல் மாதிரியே செய்யட்டுமா?

அவசரப்படாதீர்கள். திருப்பிக் கேட்டதில் நீங்கள் சொன்னது: முதல் கிளிப்பை விருந்தினரும் கூட்டாகப் பதிவிட்டார், போட்டு மூன்று வாரம் ஆகிறது. இரண்டாவது போட்டு நான்கு நாள். அப்படியானால் 4,100 என்பது அவருடைய கூட்டமும் காலமும் சேர்ந்தது. சேமித்தவர்கள், பிறருக்கு அனுப்பியவர்கள் சேர்த்து முதலில் 9, இரண்டாவதில் 31. ஆயிரம் பார்வைக்கு என்று போட்டால் இரண்டுக்கும் 34-க்கும் உள்ள வித்தியாசம். இரண்டாவதுதான் வேலை செய்கிறது என்பேன்.

இனிமேல் ஒவ்வொரு கிளிப்பையும் போட்ட ஏழாவது நாளில் குறித்து வையுங்கள்: மூன்று விநாடி தாண்டியவர்கள் எத்தனை சதவீதம், ஆயிரத்துக்கு எத்தனை பேர் அனுப்பினார்கள். முதல் எண் தொடக்க வாக்கியத்துக்கான மதிப்பெண், இரண்டாவது முழு கிளிப்புக்கும். முதல் எண் குறைந்து இரண்டாவது நன்றாக இருந்தால் குரலைத் தொடாதீர்கள், தொடக்கத்தை மட்டும் மாற்றி மறுபடி போடுங்கள். வண்ணம், நீளம், தொடக்கம் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது உதவியது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அனுப்பியவர்கள் 4-க்கும் 6-க்கும் உள்ள வித்தியாசத்தையெல்லாம் பெரிதாக எடுக்காதீர்கள், அது தற்செயல்.

யூடியூப் ஷார்ட்ஸ் எண்ணை இதோடு கலக்கவே கூடாது. 2025 மார்ச் 31 முதல் அங்கே வீடியோ ஓட ஆரம்பித்தாலே ஒரு பார்வைதான்.

கேள்வி: முகம் தெரியுற வீடியோ இருந்தா ஆடியோகிராமே வேஸ்ட். நான் விட்டுட்டேன்.

கேமரா இருந்தால் நானும் முகத்தைத்தான் போடுவேன், அதில் சண்டை இல்லை. ஆனால் போனில் பேசிப் பதிந்தவர், முகம் காட்ட மறுத்தவர், பத்து வருடத்துக்கு முன் பதிந்த குரல், இவர்களுக்கெல்லாம் அலையும் ஒரு நல்ல புகைப்படமும்தான் வழி.

கேள்வி: இதைப் பார்த்துட்டு யாராவது முழு எபிசோடும் கேக்குறாங்களா, எப்படித் தெரிஞ்சுக்கிறது?

முழுசாகத் தெரிந்துகொள்ள முடியவில்லை. இன்ஸ்டாகிராம் குறிப்பில் போடும் லிங்க் அழுத்தினால் திறக்காது, அதனால் எந்தக் கிளிப் பார்த்து வந்தார்கள் என்று தெரிய, பயோவில் உள்ள லிங்கின் கடைசியில் கிளிப்புக்கு ஒன்றாக `utm_content=thoppur` மாதிரி ஓர் அடையாளத்தை ஒட்டி மாற்றிக்கொண்டே இருக்கிறேன். ஆனால் பலர் பெயரைப் பார்த்துவிட்டு நேரே ஸ்பாட்டிஃபையில் தேடுகிறார்கள், அது என் கணக்கில் விழாது. இப்போதைக்கு கிளிப் போட்ட எபிசோடு, போடாத எபிசோடு இரண்டின் முதல் வாரக் கேட்புகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், ஆனால் விருந்தினர் மாறினாலே அந்த ஒப்பீடும் ஆட்டம் கண்டுவிடுகிறது. உங்களில் யாராவது இதைவிட நல்ல வழி வைத்திருந்தால் எழுதுங்கள்.