பிசுக்கு பிடித்த ரிமோட், ஒட்டும் சுவிட்ச்: வாசகர் கேள்விகள்

டிவி ரிமோட்டை வெளியே எத்தனை முறை துடைத்தாலும் சில பட்டன்களை அழுத்தி அழுத்தித்தான் சேனல் மாறுகிறது. பேட்டரியும் புதிதுதான். – பாலக்கோடு வாசகி

வெளியே துடைப்பதால் இது தீராது. பிசுக்கு ரப்பர் பட்டன் தகட்டுக்கும் கீழே உள்ள சர்க்யூட் போர்டுக்கும் நடுவில் இருக்கிறது. கை எண்ணெய் மட்டும் காரணமல்ல. பழைய ரப்பரே மெல்ல எண்ணெய் விடும். அது போர்டின் கறுப்புத் தடங்கள் மேல் படர்ந்தால், பட்டன் அடியில் உள்ள கறுப்புப் பொட்டு சரியாகத் தொடாது.

முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். பேட்டரி அறைக்குள்ளோ ஸ்டிக்கருக்கு அடியிலோ ஸ்க்ரூ இருந்தால் எடுத்துவிட்டு, பக்கவாட்டு இணைப்பில் பழைய ஏடிஎம் கார்டைச் செருகி மெல்ல நகர்த்துங்கள். கொக்கிகள் ஒவ்வொன்றாக விடும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் கொக்கி உடையும், பிறகு ரப்பர்பேண்டு போட்டுத்தான் வைத்திருக்க வேண்டும்.

ரப்பர் தகட்டைத் தனியே எடுத்தபின் அதைத் தாராளமாகக் கழுவலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் நாலைந்து சொட்டு பாத்திர லிக்விட் விட்டு, பத்து நிமிடம் ஊறவைத்து, மேல் பக்கத்தை மட்டும் மென்மையான பல்துலக்கியால் தேயுங்கள். அடியில் உள்ள கறுப்புப் பொட்டுகளைத் தேய்க்கக் கூடாது. அந்தக் கறுப்புதான் மின்சாரத்தைக் கடத்துகிறது. அது போய்விட்டால் பட்டனும் போனதுதான்.

போர்டுக்குத் தண்ணீர் ஆகாது. செல்போன் சர்வீஸ் கடைகளில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைக் காதுகுடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, கறுப்புத் தடங்களின் மேல் இலேசாக ஒருமுறை இழுங்கள். குச்சி மங்கலான மஞ்சளாக வந்தால் பிசுக்கு வருகிறது. கறுப்பாக வந்தால் தடமே கரைகிறது, நிறுத்திவிடுங்கள். இதற்கு சானிடைசர் ஜெல் வேண்டாம். அதைக் கெட்டியாக்கச் சேர்த்த பசை போர்டில் தங்கிவிடும்.

ரப்பரை உடனே மாட்டிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. ஒவ்வொரு பட்டனுக்கும் அடியில் சின்னக் குழி இருக்கிறது, தண்ணீர் அங்கேதான் நிற்கும். உதறிவிட்டு, குழிப்பக்கம் மேலே தெரிய ஃபேன் காற்றில் ஓர் இரவு விடுங்கள்.

பூட்டியபின் ரிமோட்டின் முனையை செல்போனின் செல்ஃபி கேமராவுக்குக் காட்டி ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பாருங்கள். முனை பல்பு ஊதாவாக மின்னினால் அந்தப் பட்டன் வேலை செய்கிறது. எல்லாம் மின்னி, ஒன்றிரண்டு மட்டும் மின்னாவிட்டால் அவற்றின் பொட்டு தேய்ந்துவிட்டது. சுத்தம் செய்து பயனில்லை.

மாம்பழம் சாப்பிட்ட கையோடு பிள்ளைகள் ரிமோட்டை எடுத்துவிட்டார்கள். ஆல்கஹால் போட்டும் ஒட்டுகிறது. – காவேரிப்பட்டணம் வாசகர்

மாம்பழச் சீசனில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது! ஆல்கஹால் எண்ணெயைக் கரைக்கும், சர்க்கரையைக் கரைக்காது. மாம்பழச் சாற்றுக்குத் தண்ணீர்தான் வேண்டும். பேட்டரியை எடுத்துவிட்டு, துணியை நனைத்து, முறுக்கினால் சொட்டு விழாத அளவுக்குப் பிழிந்து, ரிமோட்டைக் குப்புறப் பிடித்தபடி பட்டன் பக்கத்தைத் துடையுங்கள். ஈரம் கீழ்நோக்கி வரும், உள்ளே இறங்காது. இடுக்கில் காய்ந்திருந்தால் முதலில் பல்குச்சியால் சுரண்டிவிடுங்கள். பட்டன் மேல் அச்சிட்ட எழுத்துகளை ஆல்கஹாலால் தேய்க்க வேண்டாம், எண்களே அழிந்துவிடும்.

அடுப்புப் பக்கத்து சுவிட்ச் போர்டு தாளிப்புப் புகையில் பசை மாதிரி ஆகிவிட்டது. மெயினை அணைத்துவிட்டு ஸ்ப்ரே அடிக்கலாமா? – அரூர் வாசகி

ஸ்ப்ரே கூடவே கூடாது. அடித்த நீர் சுவிட்ச் இடுக்கு வழியாக உள்ளே இறங்கி, ஓட்டின் அடியில் தேங்கும். மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் சில லைன்களுக்கு மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். ஆகவே மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, எல்லா சுவிட்சையும் போட்டுப் பாருங்கள். எந்த லைட்டும் எரியக்கூடாது. பிளக் ஓட்டைகளில் டெஸ்டர் வைத்தும் பார்த்துவிட்டு, அவற்றின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள்.

புதுப் பிசுக்கு ஒரே துடைப்பில் போகும். சூட்டில் காய்ந்து மஞ்சளானது வார்னிஷ் போல இறுகியிருக்கும், பொறுமை வேண்டும். கால் லிட்டர் வெந்நீரில் ஒரு டீஸ்பூன் பாத்திர லிக்விட் கலந்து, துணியை நன்றாகப் பிழிந்து துடைத்து, இரண்டு நிமிடம் விட்டு மறுபடி துடையுங்கள். மூன்று நான்கு சுற்று ஆகலாம். சுவிட்சைச் சுற்றியுள்ள இடுக்குக்குப் பல்குச்சியில் உலர்ந்த துணி சுற்றிக்கொள்ளுங்கள். சோடா உப்பு வேண்டாம், பொடி இடுக்கில் தங்கும். தின்னர், பெட்ரோல் பிளாஸ்டிக்கில் விரிசல் விழச் செய்யும், தீயும் பிடிக்கும்.

உலர்ந்த துணியால் ஒத்தி, ஒரு மணி நேரம் காயவிட்டு மெயினைப் போடுங்கள். மெயின் தானாக விழுந்தாலோ, போர்டில் சுர்ரென்று சத்தம் வந்தாலோ ஈரம் உள்ளே இருக்கிறது. உடனே அணைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

வெளியே சுத்தமாகிவிட்டது, ஆனால் சுவிட்ச் பாதியிலேயே நிற்கிறது. தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விடலாமா? – ஓசூர் வாசகர்

விடாதீர்கள். பாதியில் நிற்கும் சுவிட்சுக்குள் பொறி பறந்து சூடாகும், எண்ணெய் அதற்குத் தீனிதான். அந்த ஒரு சுவிட்சை மட்டும் எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றிவிடுங்கள்.