மறுப்புப் பத்தி எங்கே வர வேண்டும்?

“புதுச்சேரிக் கடலரிப்புக் கட்டுரையில் எதிர்க்கருத்தைக் கடைசியில் வைத்தேன். முடிவே தளர்ந்துவிட்டது என்கிறார் பேராசிரியர். எங்கே வைப்பது?”

உங்கள் சான்றுகள் முடிந்த பிறகு, முடிவுரைக்கு முந்தைய பத்தியாக வையுங்கள்.

இடம் மட்டுமே காரணமாக இருக்காது. வாக்கியமும் தலைகீழாக இருக்கலாம். “மணற்கரை அழிந்தது என்றாலும் கற்சுவர் நகரைக் காத்தது” என்று எழுதினால், சுவருக்கே வாதாடுகிறீர்கள். தமிழில் ‘என்றாலும்’ என்பதற்குப் பின் வருவதே எடை பெறும். “கற்சுவர் நகரைக் காத்தது என்றாலும், துறைமுகத் தடுப்புச்சுவர் வடக்கே போகும் மணலை மறித்ததால் மணற்கரை அழிந்தது” என்று மாற்றுங்கள். அடுத்து அதற்கான சான்று ஒன்று வரட்டும்.

பத்தியின் கடைசி வாக்கியத்தை மட்டும் படித்துப் பாருங்கள். அது எதிர்த்தரப்பின் குரலாக ஒலித்தால் பத்தி இன்னும் முடியவில்லை.

ஆனால் வாசகர் ஏற்கெனவே எதிர்க்கருத்தை நம்புபவர் என்றால், அதை முன்னுரைக்கு அடுத்தே எடுத்துக்கொள்வது நல்லது. கடைசிவரை அவர் காத்திருக்க மாட்டார்.