இடம் ஒதுக்கப் போய் ஒரிஜினல் படங்கள் போயினவா?

கேள்வி: போனில் இடம் இல்லை என்று வந்ததால் கூகுள் போட்டோஸில் Free up space அழுத்தினேன். கேலரியில் நான்கு வருடப் படங்களைக் காணோம். போட்டோஸ் ஆப்பில் மட்டும் தெரிகின்றன, நெட் இல்லாவிட்டால் மங்கலாக இருக்கின்றன. பிறகு கணக்கிலும் 15 ஜிபி நிறைந்துவிட்டது என்று சொன்னதால், ஆப்பிலேயே சில நூறு படங்களை நீக்கினேன். ஒரிஜினல் போனுக்குள்தான் ஒளிந்திருக்கும், எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவரைப் பற்றிப் பிறகு பார்ப்போம். அதற்கு முன் உடனே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

கணினியில் பிரவுசரைத் திறந்து photos.google.com/trash என்ற முகவரிக்குப் போங்கள். நீங்கள் ஆப்பில் நீக்கிய சில நூறு படங்களும் அங்கே கிடக்க வேண்டும். எல்லாவற்றையும் தேர்வு செய்து Restore கொடுங்கள். பேக்கப் ஆன படம் நீக்கிய நாளிலிருந்து 60 நாள் மட்டுமே அந்தக் குப்பைத்தொட்டியில் இருக்கும். அதற்குப் பிறகு கூகுளாலும் திருப்பித் தர முடியாது. இடத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று Empty bin அல்லது Empty trash அழுத்திவிட்டால் இந்த 60 நாளும் கிடையாது. ஆகவே இந்த வேலை முடியும்வரை வேறு எதையும் நீக்காதீர்கள், எந்தச் 'சுத்தம் செய்யும்' ஆப்பையும் ஓடவிடாதீர்கள்.

நீங்கள் செய்தவை இரண்டு தனித்தனிக் காரியங்கள். முதலாவது Free up space. அது பேக்கப் ஆகி முடிந்த படங்களின் போன் பிரதியை மட்டும் நீக்கும், கணக்கில் இருக்கும் பிரதியைத் தொடாது. நெட் இல்லாதபோது மங்கலாகத் தெரிவது அதனால்தான். போனில் மிச்சம் இருப்பது சிறு முன்னோட்டம், முழுப் படம் சர்வரிலிருந்து வர வேண்டும். அந்தப் படங்கள் தொலையவில்லை. இரண்டாவது, ஆப்புக்குள் படத்தைத் தேர்ந்தெடுத்து குப்பைத்தொட்டிச் சின்னத்தை அழுத்தியது. இது கணக்கில் இருக்கும் பிரதியையே நீக்கும், போனில் பிரதி இருந்தால் அதையும் சேர்த்து நீக்கும். உங்களுக்கோ போன் பிரதி ஏற்கெனவே போய்விட்டது. ஆக இருந்த ஒரே பிரதியைத்தான் தொட்டியில் போட்டிருக்கிறீர்கள்.

ஒரே ஆப்பில் 'இங்கே மட்டும் நீக்கு' என்பதும் 'எல்லா இடத்திலும் நீக்கு' என்பதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. போனில் மட்டும் நீக்குவதற்கு Delete from device என்ற தனி வழியே உண்டு, ஆனால் அது மூன்று புள்ளி மெனுவுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. எல்லா இடத்திலும் அழிக்கும் தொட்டிச் சின்னமோ கட்டைவிரல் படும் இடத்தில் இருக்கிறது. இதை வடிவமைத்தவர்கள் தங்கள் வீட்டுப் படங்களை இதில்தான் வைத்திருக்கிறார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

Restore செய்த பிறகும் ஒரு குறிப்பிட்ட காலத்துப் படங்களைக் காணவில்லை என்றால், ஆப்பின் மேல் வலது மூலையில் உள்ள வட்டப் படத்தைத் தொட்டு எந்தக் கணக்கில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒரே போனில் இரண்டு மூன்று ஜிமெயில் கணக்கு வைத்திருப்பவர்களுக்குப் பழைய படங்கள் பழைய கணக்கில்தான் இருக்கும். 'தொலைந்த' படங்களில் கணிசமானவை இப்படி வேறு கணக்கில்தான் கிடக்கின்றன. அடுத்ததாக Archive பகுதியையும் பாருங்கள். அங்கே போனவை முதன்மைப் பக்கத்தில் தெரியாது.

இனி படங்களைக் கீழே இறக்குவோம். போனுக்கு இறக்காதீர்கள். அங்கே இடம் இல்லை என்றுதானே இவ்வளவும் நடந்தது? கணினிக்கோ வெளி ஹார்ட் டிஸ்குக்கோ இறக்குங்கள். பத்து இருபது படம் போதுமென்றால் பிரவுசரில் தேர்வு செய்து Shift + D அழுத்தினாலே இறங்கிவிடும். நான்கு வருடத்துக்கு அது ஆகாது. takeout.google.com போங்கள். அங்கே கூகுளின் எல்லாச் சேவைகளும் முன்கூட்டியே டிக் செய்யப்பட்டிருக்கும். Deselect all கொடுத்துவிட்டு, கீழே இறங்கி Google Photos ஒன்றை மட்டும் டிக் செய்யுங்கள். அதன் கீழ் All photo albums included என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைத் திறந்து Photos from 2022, Photos from 2023 என்று ஆண்டுப் பெயரில் உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆல்பங்களையும் சேர்த்தால் ஒரே படம் ஆண்டுக் கோப்புறையில் ஒன்று, ஆல்பத்தில் ஒன்று என்று இரண்டு முறை இறங்கும்.

அடுத்த பக்கத்தில் கோப்பின் அளவு கேட்கும். உங்களிடம் 13 ஜிபி படங்கள் இருப்பதாக வைத்துக்கொண்டால், 2 ஜிபி என்று தேர்ந்தெடுத்தால் ஏழு zip வரும். 50 ஜிபி என்று கொடுத்தால் ஒன்றே ஒன்றாக வரும், ஆனால் பாதியில் நெட் அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். வேகம் நம்பகமில்லாத இணைப்பில் 2 ஜிபியே நல்லது. தயாரானதும் மின்னஞ்சலில் இணைப்பு வரும், takeout.google.com பக்கத்திலும் தெரியும். சில மணி நேரம் ஆகலாம், சில நாளும் ஆகலாம். வந்த இணைப்பு ஒரு வாரத்தில் காலாவதியாகிவிடும், தள்ளிப்போடாதீர்கள். ஏழு zip-களையும் ஒரே கோப்புறைக்குள் பிரியுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் .json என்று முடியும் சிறு கோப்பு இருக்கும். குப்பை என்று நினைத்து அழிக்காதீர்கள். கேமராவில் எடுத்த படத்தில் தேதி படத்துக்குள்ளேயே இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் இருக்காது, அதன் தேதிக்கு இந்த .json முக்கிய ஆதாரம்.

இறங்கியது ஒரிஜினல்தானா என்ற சந்தேகம் நியாயமானது. பிரவுசரில் ஒரு படத்தைத் திறந்து i என்ற விசையைத் தட்டுங்கள். வலப்பக்கத்தில் நீள அகலமும் கோப்பின் அளவும் வரும், Original quality அல்லது Storage saver என்ற குறிப்பும் வரும். முதலாவது என்றால் நீங்கள் எடுத்தது அப்படியே இருக்கிறது. இரண்டாவது என்றால் பேக்கப் ஆகும்போதே சுருக்கப்பட்டுவிட்டது. சுருக்காத பிரதி போனில் மட்டும்தான் இருந்தது, அதைத்தான் Free up space நீக்கியது. 2021 வரை இந்தச் சுருக்கத்துக்கு வைத்திருந்த பெயர் High quality. 'உயர்தரம்' என்று படித்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது.

எவ்வளவு இழப்பு? 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்கள் 16-க்குக் குறைக்கப்படும். 50 மெகாபிக்சல் முறையில் 8160 × 6120 அளவில் எடுத்த படம் ஏறத்தாழ 4600 × 3450 ஆகிவிடும். ஆனால் பெரும்பாலான போன்கள், விளம்பரத்தில் 50 என்று போட்டிருந்தாலும், சாதாரணமாக 12 மெகாபிக்சல் படத்தைத்தான் சேமிக்கின்றன. அது 4000 × 3000. அந்த நீள அகலம் மாறாது, கோப்பின் அளவு மட்டும் குறையும். 13 அங்குல அகலத்துக்கு அச்சிட்டாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது கடினம். அடி வாங்குவது வீடியோதான். 4கே வீடியோ 1080p ஆகும்போது நான்கில் ஒரு பங்கு பிக்சல்தான் மிஞ்சும்.

இதே காரணத்துக்காக இன்னொரு பொத்தானைத் தொடாதீர்கள். கணக்கில் இடம் நிறைந்தவர்களுக்கு பிரவுசரின் Settings பக்கத்தில் Recover storage என்று ஒன்று காட்டும். பெயரைப் பார்த்தால் எதையோ மீட்டுத் தருவதுபோல் இருக்கும். அது செய்வது, ஒரிஜினல் தரத்தில் உள்ள எல்லாவற்றையும் மொத்தமாகச் சுருக்குவது. பின்வாங்க வழியே இல்லை. 15 ஜிபி நிறைந்ததால் படங்கள் உடனே அழிந்துவிடாது. பார்க்கலாம், இறக்கலாம். புதிதாக எடுப்பவை பேக்கப் ஆகாது, ஜிமெயிலில் அஞ்சல் வருவதும் போவதும் நின்றுபோகலாம். முதலில் இறக்கிவிட்டு, சில வீடியோக்களை ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு கணக்கைக் காலி செய்யலாம்.

இப்போது பணம் கேட்பவரிடம் வருவோம். ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த போன்களிலிருந்து உள் சேமிப்பைக் குறியாக்கம் செய்வது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது, கட்டாயம். நீக்கிய கோப்பின் சாவியும் அதோடு போய்விடும், காலியான இடத்தைப் போனே பின்னணியில் துடைத்தும் விடும். இதற்குப் பிறகு அவர் என்ன எடுத்துத் தருவார்? மீட்பு ஆப் ஒன்றை ஓட்டி, '3,000 படங்கள் கிடைத்தன' என்று திரையைக் காட்டுவார். அவை கேலரி ஏற்கெனவே செய்து வைத்திருந்த முன்னோட்டப் படங்கள். ஒன்றைத் திறந்து நீள அகலத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், சில நூறு பிக்சல்தான் இருக்கும். இன்னொரு வகையினர் உங்கள் ஜிமெயில் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் வாங்கி, மேலே சொன்ன அதே தொட்டியில் அதே Restore-ஐ அழுத்திவிட்டுக் காசு வாங்குவார்கள். படத்தோடு உங்கள் கணக்கும் அவர் கைக்குப் போகும். 'கூகுள் வாடிக்கையாளர் சேவை' என்று தேடலில் வரும் எண்களும் இதே ரகம்தான்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் கேமரா, படங்களை மெமரி கார்டில் சேமித்திருந்தால் கதை வேறு. அப்படி இருந்தால் Free up space கொடுத்தபோது கார்டில் நீக்க அனுமதி வேண்டும் என்று தனியாக ஒரு கேள்வி வந்திருக்கும். நினைவுபடுத்திப் பாருங்கள். கார்டை உள் சேமிப்பின் பகுதியாக மாற்றி வைத்திருந்தால் அதுவும் குறியாக்கமானதே, விட்டுவிடுங்கள். சாதாரணக் கார்டு என்றால் இந்த நிமிடமே போனை அணைத்துக் கார்டை வெளியே எடுங்கள். இன்னொரு படம் எடுத்தால்கூட அது பழைய படத்தின் இடத்தில் போய் எழுதப்படலாம். கார்டு ரீடரில் போட்டுக் கணினியில் செருகுங்கள். Format செய்யவா என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். PhotoRec என்ற இலவச மென்பொருளை ஓட்டி, மீட்டவற்றைக் கணினியின் டிஸ்கில் சேமிக்கச் சொல்லுங்கள், கார்டிலேயே அல்ல. recup_dir.1 என்பதுபோன்ற கோப்புறைகளில் படங்கள் விழும். பழைய பெயர் இருக்காது, f என்று தொடங்கும் எண்கள்தான் இருக்கும். எடுத்த தேதி படத்துக்குள் இருப்பதால் அதை வைத்து வரிசைப்படுத்தலாம். நீளமான வீடியோக்கள் பெரும்பாலும் பாதியில் உடைந்திருக்கும், அவற்றுக்குக் கணக்கில் உள்ள பிரதியையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே படம் இரண்டு இடத்திலும் கிடைத்தால் முழுதாகத் திறக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் திறந்தால், கோப்பின் அளவு எதில் அதிகமோ அதை வையுங்கள்.