41:27-இல் வெட்டச் சொன்னால் 41:20 ஏன் வருகிறது?

பாம்பனிலிருந்து: அண்ணே, புதுப் பாலத்துல தூக்குப் பாலம் ஏறுறத மூணு மணி நேரம் ஸ்டாண்டுல வச்சு எடுத்தேன். ஃபைல் 14 ஜிபி. 41:27-லேருந்து 42:50 வரைக்கும் மட்டும் வெட்டினேன். லேப்டாப்புல சரியா ஆரம்பிக்குது, வீட்டு டிவியில ஏழு செகண்ட் முன்னாடியே ஆரம்பிக்குது. இந்த கமாண்ட் தப்பா?

```
ffmpeg -ss 00:41:27 -i pamban.mp4 -t 83 -c copy clip.mp4
```

கமாண்ட் தப்பில்லை. நீங்கள் கேட்ட 41:27-இல் வெட்டுவதற்கு அந்த ஃபைலில் இடமே இல்லை, அதுதான் சங்கதி.

மீன் ஏலக் கடையின் கணக்கு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு தடவை முழு இருப்பை எழுதுவார்கள். அப்புறம் "மூணு கூடை வந்தது, ரெண்டு போனது" என்று ஏற்ற இறக்கம் மட்டும்தான். நடுவில் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தால் இருப்பு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. வீடியோவும் அப்படித்தான். கீஃப்ரேம் என்பது முழுப் படம். அதற்குப் பிறகு வருபவை பக்கத்துப் படங்களிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் சொல்பவை. `-c copy` போட்டால் எதையும் பிரித்துப் படிக்காமல் தாள்களை அப்படியே நகர்த்துகிறோம். அதனால்தான் 14 ஜிபி ஃபைலிலும் கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடிகிறது. ஆனால் கிழிக்க வேண்டியது முழு இருப்பு எழுதிய தாளிலிருந்துதான்.

உங்கள் ஃபைலில் அது எங்கே இருக்கிறது என்று பார்க்க:

```
ffprobe -v error -select_streams v:0 -skip_frame nokey \
  -read_intervals 2475%+30 \
  -show_entries frame=pts_time -of csv=p=0 pamban.mp4
```

41:27 என்பது 2487-வது விநாடி. அதற்குக் கொஞ்சம் முன்னால் தேடச் சொல்லியிருக்கிறேன். ஓட்டிப் பாருங்கள்.

அதே பாம்பன்காரர்: ஓட்டினேன் அண்ணே. இப்படி வருது:

```
2470.000000
2480.000000
2490.000000
```

பத்து விநாடிக்கு ஒன்று. விநாடிக்கு 25 படம் என்றால் 250 படத்துக்கு ஒரு கீஃப்ரேம், எக்ஸ்264 என்கோடரின் வழக்கமான உச்ச இடைவெளி அது. காட்சி சட்டென்று மாறினால் நடுவில் தானாக ஒன்று போடும். நீங்கள் எடுத்தது அசையாத கேமரா, கடல், பாலம். மாறுவதற்கு என்ன இருக்கிறது?

ஆக 2487 கேட்டீர்கள், அதற்கு முந்தைய கீஃப்ரேமான 2480-க்குப் போய் அங்கிருந்தே எடுத்திருக்கிறது. அந்த ஏழு விநாடிதான் டிவியில் தெரிகிறது. லேப்டாப்பில் தெரியாததற்குக் காரணம், எம்பி4 ஃபைலுக்குள் "முதல் ஏழு விநாடியைக் காட்டாதே" என்று ஒரு குறிப்பு எழுதப்படுகிறது. எடிட் லிஸ்ட் என்பார்கள். லேப்டாப் பிளேயர் அதை மதிக்கிறது, உங்கள் டிவி மதிக்கவில்லை.

முடிவு நேரத்துக்கு இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. பின்னால் வரும் தாள்கள் இல்லாவிட்டாலும் முன்னால் உள்ளதைப் படிக்கலாம் அல்லவா? ஓரிரு படம் கூடக் குறைய இருக்கும், அவ்வளவுதான்.

தங்கச்சிமடத்திலிருந்து: அப்போ என் கதையும் இதுதானா அண்ணே? வல்லம் இறக்குறத எடுக்கும்போது ஆரம்பத்துல ரெண்டு பேருக்குள்ள சண்டை, நல்ல வார்த்தை ஒண்ணும் இல்ல. அத வெட்டிட்டுதான் குரூப்புல டாக்குமெண்டா அனுப்பினேன். ஒருத்தர் போன்ல முழுசா கேட்டிருக்கு.

அதேதான். வெட்டவில்லை, மூடி வைத்தீர்கள். மூடியைத் திறக்கும் பிளேயர் ஒன்று போதும்.

மறைக்க வேண்டிய விஷயம் என்றால் கேட்ட நேரத்தை நம்பக் கூடாது, அடுத்த கீஃப்ரேமுக்குத் தள்ளிப் போக வேண்டும். பாம்பன் ஃபைலையே எடுத்துக்கொண்டால், 2490-க்கு ஒரு மயிரிழை தாண்டிக் கொடுங்கள். சரியாக 2490 என்று கொடுத்து, ஏதோ ஒரு ஃபைல் வகையில் ஒரு படி பின்னால் போய் விழுந்து நான் பட்டிருக்கிறேன்.

```
ffmpeg -ss 2490.05 -i pamban.mp4 -t 80 -c copy \
  -avoid_negative_ts make_zero clip.mp4
```

கடைசி ஆப்ஷன் போட்டால் ஒளித்து வைக்காமல் கீஃப்ரேமிலிருந்தே பூஜ்ஜியமாக எண்ணும். ஃபைலில் உள்ளதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். அனுப்புமுன் இப்படி ஒரு முறை போட்டுப் பார்ப்பது என் வழக்கம்.

மண்டபத்திலிருந்து: சார், இவ்வளவு சுற்ற வேண்டாம். `-ss`-ஐ `-i`-க்குப் பின்னால் போட்டால் துல்லியமாக வெட்டும். நான் பல வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

பாதி சரி. மறுபடி என்கோட் செய்யும்போது அது துல்லியமாகத்தான் வெட்டும், இப்போது முன்னால் போட்டாலும் அதே துல்லியம் கிடைக்கிறது. `-c copy`-யோடு பின்னால் போட்டுப் பாருங்கள். ஒலி 2487-இல் ஆரம்பிக்கும், படம் 2490-இல்தான் வரும். நடுவே மூன்று விநாடி கறுப்பாகவோ உறைந்த படமாகவோ நிற்கும். தொடக்கத்திலிருந்து ஃபைலைப் படித்துக்கொண்டே வருவதால் நேரமும் அதிகம். உங்களுக்கு இத்தனை நாள் தெரியாமல் போனதற்குக் காரணம், நீங்கள் வெட்டிய வீடியோக்களில் விநாடிக்கு ஒரு கீஃப்ரேம் இருந்திருக்கலாம். போன் கேமராவில் எடுத்ததில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

கீழக்கரையிலிருந்து: காக்கா, நான் நிக்காஹ் வீடியோவ copy போட்டேன், சைஸ் குறையவே இல்ல. என்ன தப்பு?

தம்பி, இது வேற கேள்வி. copy சுருக்காது. பாதி நேரத்தை வெட்டினால் சுமாராகப் பாதி சைஸ் வரும், அவ்வளவே. சுருக்க வேண்டுமானால் மறுபடி என்கோட் செய்யத்தான் வேண்டும்.

பாம்பன்காரர் மறுபடி: எனக்கு அந்த மூணு செகண்டும் வேணும் அண்ணே. பாலம் அசைய ஆரம்பிக்கிறதே 2487-லதான். தரமும் குறையக் கூடாது.

அப்போது 83 விநாடியை மட்டும் என்கோட் செய்துவிடுங்கள். மூன்று மணி நேரத்தையும் செய்யச் சொல்லவில்லையே.

```
ffmpeg -ss 00:41:27 -i pamban.mp4 -t 83 \
  -c:v libx264 -crf 18 -c:a aac clip.mp4
```

இப்போது 2480-இலிருந்து படித்து, ஏழு விநாடியையும் தூக்கி எறிந்துவிட்டு, 2487-இன் படத்தையே புதுக் கீஃப்ரேமாக எழுதும். 18 வைத்தால் தரம் குறைந்ததைக் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். கணக்குப்படி குறைவு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். அசல் ஃபைலை அழிக்காதீர்கள்.

தொண்டியிலிருந்து: 2487 முதல் 2490 வரை மட்டும் என்கோட் செய்து, மிச்சத்தை copy-யில் ஒட்டினால் என்ன?

நல்ல யோசனை, LosslessCut-இல் சோதனை நிலையில் ஸ்மார்ட் கட் என்று ஒன்று இருப்பதும் இதுதான். ஆனால் இரண்டு துண்டும் ஒரே கோடெக், அளவு, அமைப்பு எல்லாம் பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால் ஒட்டிய இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடையும், ஒரு பிளேயரில் ஓடி இன்னொன்றில் நிற்கும். எனக்குச் சில ஃபைலில் சுத்தமாக வந்தது, சிலதில் ஒலி லேசாகத் தள்ளிப்போனது.

மண்டபத்திலிருந்து: எனக்கு ஒரு தடவைகூடத் தள்ளிப்போனதில்லை சார்.

அப்படியானால் உங்கள் கேமரா எது, எந்த செட்டிங் என்று போடுங்கள். தொண்டிக்காரரும் செய்து பார்த்துவிட்டு டிவியில் எப்படி ஓடியது என்று சொல்லட்டும்.