தேதி முடியுமுன்னே பூஞ்சை பிடிக்கும் பிரெட்

கேள்வி: நான் வாங்கும் பிரெட் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் தேதிக்கு இன்னும் சில நாட்கள் இருக்கும்போதே பச்சையாகப் பூஞ்சை பிடித்துவிடுகிறது. எங்கள் சமையலறை வெப்பமும் ஈரமும் நிறைந்தது. பழைய சரக்கைத் தலையில் கட்டுகிறார்களா? பிரெட்டையும் கேக்கையும் எப்படி வைத்தால் கூடுதல் நாட்கள் தாங்கும்? பூஞ்சை பிடித்த துண்டை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைச் சாப்பிடலாமா?

பதில்: பழைய சரக்காகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அந்தத் தேதி, பிரிக்கப்படாத பாக்கெட்டை உற்பத்தியாளர் சொன்ன முறையில் வைத்திருந்தால் மட்டுமே பொருந்தும். பிரித்த நாளிலிருந்து கணக்கு வேறு. வெப்பமும் ஈரமும் மிகுந்த சமையலறையில் அந்தக் கணக்கு மேலும் குறுகும்.

அடுப்பிலிருந்து வெளிவரும் பிரெட்டில் உயிருள்ள பூஞ்சை வித்துகள் ஏறக்குறைய இருப்பதில்லை. வேகும்போது ஏறும் சூடு அவற்றைக் கொன்றுவிடுகிறது. ஆறும்போதும், துண்டு போடும்போதும், பாக்கெட்டில் அடைக்கும்போதும், பிறகு நம் வீட்டில் கையும் கத்தியும் படும்போதும்தான் காற்றில் மிதக்கும் வித்துகள் அதன்மேல் வந்து அமர்கின்றன. முழு பிரெட்டைவிடத் துண்டு போட்ட பிரெட் விரைவில் கெடுவதற்குக் காரணம், வெட்டிய ஒவ்வொரு பரப்பும் வித்துக்குப் புதிய இடமாகிவிடுவதுதான். வித்து அமர்வதை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் அது முளைப்பதற்கு ஈரமும் இதமான சூடும் வேண்டும். பிரெட்டில் வளரும் பூஞ்சைகளில் பெரும்பாலானவை 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் விரைந்து வளர்கின்றன. அந்த நிலையைத் தள்ளிப்போடுவதே நம்மால் ஆகக்கூடியது.

ஈரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலான பிழைகள் இங்கேதான் நேர்கின்றன. புதிய பிரெட்டின் உள்பகுதி ஈரமானது, மேல்தோலோ உலர்ந்தது; அந்த உலர்ந்த தோலே அதற்கு ஓரளவு காவல். வறண்ட காற்றில் தோல் உலர்ந்தபடியே இருக்கும், பிரெட் காய்ந்து போகுமே தவிர எளிதில் பூக்காது. ஈரக்காற்றில் அந்தக் காவல் நிலைப்பதில்லை. இறுகக் கட்டிய பிளாஸ்டிக் பைக்குள்ளோ, உள்ளேயிருக்கும் ஈரம் மெல்ல வெளியே வந்து தோலையும் நனைத்துவிடுகிறது. இன்னும் மோசமானது, பையின் உட்புறத்தில் நீர்த்துளிகள் கோப்பது. சூடு முழுவதும் ஆறாமல் அடைத்தாலும், பையை இரவில் குளிர்சாதனப் பெட்டியிலும் பகலில் மேசையிலுமாக மாற்றி மாற்றி வைத்தாலும் இப்படி நேரும். அந்தத் துளி விழுந்து நனைந்த இடத்திலேயே பூஞ்சை முதலில் தலைகாட்டும். ஆகவே வாங்கும்போதே பாக்கெட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். உட்புறம் பனித்திருந்தால் அதை எடுக்காதீர்கள். வீட்டில் சுட்டதானால், கம்பித் தட்டில் வைத்து நடுப்பகுதியும் அறை வெப்பநிலைக்கு வரும்வரை ஆறவிட்ட பிறகே மூடுங்கள்.

பாக்கெட்டின் பின்புறம் இருக்கும் பொருட்பட்டியலையும் படியுங்கள். கால்சியம் புரோப்பியோனேட், அல்லது 282 என்ற எண், இருந்தால் பூஞ்சையைத் தாமதப்படுத்தும் பொருள் சேர்க்கப்பட்டிருக்கிறது. கேக்கில் பெரும்பாலும் சார்பிக் அமிலம் (200) அல்லது பொட்டாசியம் சார்பேட் (202) இருக்கும். இவை வளர்ச்சியைத் தாமதிக்கச் செய்யுமே தவிர முற்றிலும் நிறுத்துவதில்லை. இவை சேர்க்காத பிரெட்டை விரும்பி வாங்குவது நல்ல தேர்வாகவே இருக்கலாம்; ஆனால் அது குறைந்த நாட்களே தாங்கும் என்பதை அறிந்து சிறிய அளவில் வாங்க வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா என்றால், வைத்தால் பூஞ்சை தாமதமாகும். ஆனால் பிரெட் விறைத்துப் போகும். பிரெட்டிலுள்ள மாவுச்சத்து மீண்டும் இறுகுவதே இந்த விறைப்புக்குக் காரணம், அந்த இறுக்கம் உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில்தான் மிக வேகமாக நடக்கிறது. ஃப்ரீசரில், அதாவது மைனஸ் 18 டிகிரி அளவில், இறுக்கம் மிகவும் மந்தமாகிவிடுகிறது, பூஞ்சையும் வளர்வதில்லை. எனவே ஈரமான வீடுகளுக்கு நான் உறுதியாகப் பரிந்துரைப்பது ஃப்ரீசரைத்தான். டோஸ்ட் செய்து மட்டுமே சாப்பிடுகிறவர்களுக்குக் குளிர்சாதனப் பெட்டியே போதும், ஏனெனில் சூடு பட்டதும் விறைப்பு பெருமளவு இளகிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டாக, 20 துண்டுகள் கொண்ட பிரெட்டை நாளுக்கு 4 துண்டு வீதம் உண்ணும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அது தீர 5 நாட்கள் ஆகும். வெப்பமான ஈரச் சமையலறையில் அது துணிந்து வைத்திருக்கக்கூடிய காலமல்ல. வாங்கிய அன்றே, கை நன்றாக உலர்ந்திருக்கும்போது, 8 துண்டுகளை இரண்டு நாட்களுக்காக வெளியே வைத்துவிட்டு, எஞ்சிய 12 துண்டுகளை நான்கு நான்காக மூன்று பைகளில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும். பூக்கத் தொடங்கும் நாளில் ஃப்ரீசரில் வைப்பதால் பயனில்லை. குளிர் பூஞ்சையைக் கொல்வதில்லை, உறங்க வைக்கிறது. மறுநாளுக்கான பையை முந்திய இரவே வெளியே எடுத்து, அறை வெப்பநிலைக்கு வரும்வரை மூடியே வைத்திருங்கள். குளிர்ந்த பையை உடனே திறந்தால் ஈரக்காற்று துண்டுகளின்மேலேயே நீராகப் படியும். உறைந்த துண்டை நேராக டோஸ்டரிலும் இடலாம். வெளியே வைத்த 8 துண்டுகளையும் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி ஆகியவற்றின் ஆவி படாத இடத்தில் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் மேற்பகுதியும் வெதுவெதுப்பாக இருப்பதால் ஆகாது.

கேக் கொஞ்சம் வேறு வகை. சர்க்கரை நீரைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்வதால் பூஞ்சைக்குக் கிடைக்கும் ஈரம் குறைவு. அதனால்தான் சர்க்கரையும் உலர்பழமும் மிகுந்த அடர்த்தியான கேக் பல வாரம் தாங்குகிறது, இலேசான ஸ்பஞ்ச் கேக் தாங்குவதில்லை. ஆனால் அதே சர்க்கரை ஈரக்காற்றிலிருந்தும் நீரை இழுக்கும். மேற்பரப்பு பிசுபிசுத்தால் அந்தப் பாதுகாப்பு குறைந்துவிட்டது என்று கொள்ளுங்கள். எனவே பிரெட்டைப் போலன்றி, கேக்கைக் காற்றுப் புகாத டப்பாவில்தான் வைக்க வேண்டும். கொழுப்பும் சர்க்கரையும் இருப்பதால் அது குளிர்சாதனப் பெட்டியில் பிரெட் அளவுக்கு விறைப்பதில்லை. கிரீமோ புதிய பழமோ சேர்ந்த கேக் எப்படியும் குளிரில்தான் இருக்க வேண்டும். அத்தகைய கேக்குக்குப் பூஞ்சைக்கு முன்பே பாக்டீரியாவால் கெடும் அபாயம் உண்டு.

உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை, கூடாது என்பதே. கண்ணுக்குத் தெரியும் பச்சை, வித்துகள் உருவான பகுதி மட்டும். அதன் நிறமற்ற இழைகள் மென்மையான பிரெட்டுக்குள்ளும் கேக்குக்குள்ளும் பார்வைக்கு எட்டாமல் ஓடியிருக்கும். சில வகைப் பூஞ்சைகள் உண்டாக்கும் நச்சு, டோஸ்ட் செய்யும் சூட்டிலும் அழிவதில்லை. அடுத்த துண்டு நன்றாகத் தெரிந்தாலும் வித்துகள் அதன்மேல் உதிர்ந்திருக்கும். ஆகவே பாக்கெட் முழுவதையும், முகர்ந்து பார்க்காமல், பையோடு கட்டி எறிந்துவிடுங்கள். வைத்திருந்த டப்பாவைச் சோப்பு நீரில் கழுவி, சொட்டு ஈரமில்லாமல் உலர்த்திய பிறகே அடுத்ததை வையுங்கள். அந்த டப்பாவில் ஒட்டியிருக்கும் துணுக்குகளிலிருந்தே புதிய பிரெட்டுக்கும் பூஞ்சை தொற்றும்.

பிரிக்கவே பிரிக்காத பாக்கெட், சொன்னபடி வைத்திருந்தும், தேதிக்கு முன்பே பூத்திருந்தால் மட்டும் குறை உங்களுடையதன்று. அதைத் திறக்காமல், தேதியும் தொகுதி எண்ணும் தெரியும்படி படம் எடுத்து, ரசீதோடு கடைக்குக் கொண்டுபோய் மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கேளுங்கள்.